கூட்ட முடிவுகளைப் பெற்றோருக்குக் கடிதமாக எழுதுதல்: பரீட்சை நாட்களும் வீட்டுப்பாடமும் – மலையகப் பாடசாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு பாடசாலை அனுப்பும் கடிதத்தைப் பெரும்பாலும் வாசிக்கப்போகிறவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வராதவர்கள். தோட்டப் பகுதியில் அவர்களின் தொகை குறைவாக இருப்பதில்லை. வேலை நாளில் கூட்டம் வைத்தால் தாய் அரைப்பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, இழந்துதான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் துணி துவைப்பதற்கும் இருக்கும் ஒரே நாளில் அரை நாள் போய்விடும். தந்தை கொழும்பில் வேலை செய்து, தாய் வெளிநாட்டுக்குப் போயிருந்தால், பிள்ளை பாட்டியின் பொறுப்பில் இருக்கும். அந்தப் பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே, ஏழாந்தரத்துப் பிள்ளை உரக்க வாசிக்க, அடுப்பருகில் இருந்தபடி பாட்டி கேட்டுப் புரிந்துகொள்ளும் கடிதமே மலையகத்தில் பயன்படும் கடிதம். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் அந்த வாசிப்பை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

இரண்டாம் தவணைப் பரீட்சைக்கு முன்பு நடக்கும் கூட்டம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தரம் 1 முதல் 11 வரையுள்ள, ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். திகதிகளும் முடிவுகளும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. உங்கள் பாடசாலையின் திகதிகளை அந்த இடங்களில் இட்டுக்கொள்ளலாம்.

முதற்படி: கூட்டக் குறிப்பை மூன்றாகப் பிரித்தல்

கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே கடிதமாக எழுதத் தொடங்குவதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். குறிப்புப் புத்தகம் யார் முன்மொழிந்தார், யார் ஆமோதித்தார், எந்த ஒழுங்கில் பேசினார்கள் என்பதைப் பதிவு செய்வதற்கானது. வீட்டில் இருப்பவருக்கு அந்த ஒழுங்கு தேவையில்லை. எனவே கூட்டம் முடிந்த அன்றோ மறுநாளோ, பேச்சு இன்னும் ஞாபகத்தில் இருக்கும்போதே, ஒரு தனித்தாளை எடுத்து, குறிப்பில் உள்ள ஒவ்வொரு விடயத்தையும் மூன்று தலைப்புகளில் ஒன்றின் கீழ் எழுதுங்கள். கூட்டம் தானே எடுத்த முடிவு ஒன்று. மேலிடத்திலிருந்து வந்து கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது இரண்டாவது. பேசப்பட்டும் முடிவாகாதது மூன்றாவது.

இந்தப் பிரிப்பு பரீட்சை விடயத்தில் மிகவும் முக்கியம். சில தரங்களுக்குத் தவணைப் பரீட்சை வினாத்தாளைப் பாடசாலையே தயாரிக்கும்; வேறு சில தரங்களுக்கு மாகாணக் கல்வித் திணைக்களமோ வலயக் கல்விப் பணிமனையோ தயாரித்து அனுப்பும். பாடசாலை தயாரிக்கும் பரீட்சையின் நாளைக் கூட்டத்தில் மாற்றலாம். வெளியிலிருந்து வரும் வினாத்தாளுக்குரிய நாளைக் கூட்டம் விரும்பினாலும் மாற்ற முடியாது. அன்றைய தினம் அந்த வினாத்தாள் மற்றப் பாடசாலைகளிலும் திறக்கப்பட்டுவிடும். இரண்டையும் ஒரே பந்தியில் “கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதினால், திருவிழா காரணமாக ஒரு நாளைத் தள்ளிவைக்கும்படி பெற்றோர் அதிபரிடம் வருவார்கள். ஒரு தரத்துக்குத் தள்ளிவைத்தவர் மற்றத் தரத்துக்கு ஏன் மறுக்கிறார் என்ற மனக்கசப்பும் வரும். எந்த நாள் யாருடைய கையில் இருக்கிறது என்று கடிதமே சொல்லிவிட்டால் அந்த அலைச்சல் இருக்காது.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம் ஆகிய பரீட்சைகளின் நாட்களைப் பற்றியும் கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். யாராவது ஒருவர் கேள்விப்பட்ட ஒரு திகதியைச் சொல்லவும் செய்வார். அது கடிதத்தில் ஏறக்கூடாது. அந்த நாட்களை அறிவிப்பது பரீட்சைகள் திணைக்களம். திணைக்களத்தின் அறிவித்தல் கையில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்; இல்லையென்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். பாடசாலையின் முத்திரையுடன் வந்த ஒரு தவறான திகதியை வீட்டிலிருந்து திரும்பப் பெறுவது எளிதன்று.

நமது உதாரணக் கூட்டத்தில் பிரித்து எழுதியது இப்படி அமைகிறது. மேலிடத்து அறிவித்தல்: தரம் 10, 11 பரீட்சை ஜூலை 20 முதல் 30 வரை. கூட்டத்தின் முடிவுகள்: தரம் 6 முதல் 9 வரையான பரீட்சை ஜூலை 22 முதல் 30 வரை, தரம் 3 முதல் 5 வரை மூன்று நாட்கள் மட்டும், தரம் 1, 2 பிள்ளைகளுக்கு எழுத்துப் பரீட்சை இல்லை, பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளை 1.30க்கு முன் வீட்டுக்கு அனுப்புவதில்லை. பரீட்சைக் காலத்தில் புதிய வீட்டுப்பாடம் இல்லை. மூன்றாம் தவணை முதல் வீட்டுப்பாடத்துக்கு நேர எல்லை. முடிவாகாதது: தோட்ட மண்டபத்தில் மாலைநேரப் படிப்பு நடத்துவது, நிர்வாகத்தின் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை.

மூன்றாவது வகையை முற்றாக விட்டுவிடலாமா என்று கேட்கலாம். விடாமல் ஒரே வரியில் சொல்வது நல்லது. கூட்டத்துக்கு வந்தவர்கள் லயத்தில் போய் “மண்டபத்தில் கிளாஸ் தொடங்கப்போகிறார்களாம்” என்று சொல்லியிருப்பார்கள். கடிதம் மௌனமாக இருந்தால், பிள்ளை ஒரு மாலையில் மூடிய மண்டபத்தின் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பும்.

இரண்டாம் படி: முடிவைச் செயலாக மாற்றுதல்

கூட்டக் குறிப்பில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “தரம் 6 முதல் 9 வரையான மாணவர்களின் இரண்டாம் தவணைப் பரீட்சையைத் திட்டமிட்டவாறு நடத்துவதெனவும், பரீட்சை நாட்களில் மாணவர்களின் பாதுகாப்புத் தொடர்பில் உரிய ஒழுங்குகளை மேற்கொள்வதெனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” பதிவுக்கு இது போதும். ஆனால் இதைக் கேட்கும் தாய்க்கு, எந்த நாளில் பிள்ளையை எத்தனை மணிக்கு அனுப்புவது, எத்தனை மணிக்கு எதிர்பார்ப்பது, சாப்பாடு கட்டிக் கொடுப்பதா என்ற மூன்றில் ஒன்றுகூடத் தெரியாது.

ஒவ்வொரு முடிவுக்கும், யாருக்கு, எந்த நாள், எத்தனை மணிக்கு, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு கேள்விகளைக் கேட்டு, விடையைக் கொண்டு வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள். மேலே உள்ள வாக்கியம் இப்படி மாறும்: “தரம் 6, 7, 8, 9 பிள்ளைகளுக்கு ஜூலை 22 புதன் முதல் ஜூலை 30 வியாழன் வரை பரீட்சை நடைபெறும். பிள்ளைகள் காலை 7.30க்குப் பாடசாலையில் இருக்க வேண்டும். பரீட்சை முன்னதாக முடிந்தாலும் பிற்பகல் 1.30 வரை பாடசாலையிலேயே இருப்பார்கள்.” விடை கிடைக்காத கேள்வி இருந்தால், அது கூட்டம் கவனிக்காமல் விட்ட ஓட்டை என்று பொருள். அதை எழுதுபவர் தன் ஊகத்தால் அடைக்கக் கூடாது. அதிபரிடம் கேட்டு அடைக்க வேண்டும். எனது அனுபவத்தில் கடிதம் எழுதும் வேளையில்தான் இத்தகைய ஓட்டைகளில் பாதி வெளியே தெரிகின்றன.

கூட்டம் ஏன் அப்படி முடிவெடுத்தது என்பதை எல்லா இடத்திலும் விளக்கத் தேவையில்லை. பெற்றோர் தவறாக எண்ணக்கூடிய முடிவுக்கு மட்டும் ஒரு வரிக் காரணம் போதும். பரீட்சை முடிந்தும் பிள்ளையை வைத்திருப்பது தண்டனை போலத் தோன்றலாம். தாய்மார் கொழுந்து மலையில் இருக்கும் நேரத்தில் சிறு பிள்ளைகள் பூட்டிய வீட்டுக்குப் போகக்கூடாது என்பதே காரணம் என்று எழுதினால் அந்த எண்ணம் வராது.

சொற்களிலும் சில கவனங்கள் உண்டு. “அடுத்த வாரம்”, “நாளை மறுநாள்”, “இம்மாத இறுதியில்” என்பவற்றை எழுதவே வேண்டாம். கடிதம் பையில் மூன்று நாள் கிடந்து வெளியே வரும்போது அவற்றின் பொருள் மாறிவிடும். திகதியையும் கிழமையையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். மழை பெய்யும் வாரங்களில் திகதி மறந்துபோகும், கிழமை மறக்காது. இரண்டும் இருந்தால் ஒன்றின் தவறை மற்றது காட்டிக்கொடுக்கும். “ஆரம்பப் பிரிவு”, “கனிஷ்ட இடைநிலை” என்ற அலுவலகச் சொற்களுக்குப் பதிலாகத் தர எண்களைத் தாருங்கள். “6–9” என்று கோடிட்டு எழுதுவதைவிட “6, 7, 8, 9” என்று எழுதுவது உரக்க வாசிக்கும் பிள்ளைக்கு எளிது. எட்டாந்தரப் பிள்ளையின் பாட்டியும் தன் பேரனின் தரத்தைக் காதால் கேட்பார்.

மூன்றாம் படி: கடிதத்தின் அமைப்பு

ஒரு தாள், இரு பக்கம். அதற்கு மேல் போனால் இரண்டாவது தாள் தொலைந்துபோகும். முதற்பக்கத்தில் பரீட்சை, மறுபக்கத்தில் வீட்டுப்பாடமும் பதில் துண்டும் என்று வைத்தால், பரீட்சைப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி வைக்க முடியும். துண்டு வெட்டப்படும் இடத்துக்குப் பின்புறத்தில் மட்டும் பரீட்சைத் திகதிகள் வராதபடி முதற்பக்கத்தின் அடியில் வெற்றிடம் விடுங்கள். துண்டை வெட்டிக் கொடுத்த பிறகு கடைசி இரண்டு நாட்களின் விபரம் பாடசாலைக்கே திரும்பி வந்துவிடுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் கண்டிருக்கிறேன்.

வினாத்தாள் போட்டோ கொப்பிக்கான பணம், சங்கச் சந்தா போன்ற பண விடயங்கள் அதே கூட்டத்தில் பேசப்பட்டிருந்தாலும் இந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். பணத்தைப் பற்றிய ஒரு வரி இருந்தால் முழுக் கடிதமும் பணம் கேட்கும் கடிதமாகவே வாசிக்கப்படும். கொடுக்க இயலாத வீட்டில் கடிதம் மடித்து வைக்கப்பட்டுவிடும், பரீட்சைத் திகதியும் அதோடு சேர்ந்து மடிந்துவிடும். அதேபோல, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளைப் பற்றிக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பேசியிருந்தாலும், யார் என்ன முறைப்பாடு சொன்னார் என்பதும் எந்தப் பிள்ளையின் பெயரும் கடிதத்துக்கு வரக்கூடாது.

உதாரணக் கூட்டத்துக்கான கடிதம் இதோ.

> (பாடசாலையின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம்)
>
> திகதி: ஜூலை 7, செவ்வாய்
>
> பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்
>
> இரண்டாம் தவணைப் பரீட்சையும் வீட்டுப்பாடமும் – ஜூலை 5 கூட்டத்தின் முடிவுகள்
>
> அன்புடையீர்,
>
> ஜூலை 5 ஞாயிற்றுக்கிழமை எமது பாடசாலையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளை இக்கடிதத்தில் அறியத் தருகிறோம். உங்கள் வீட்டிலிருந்து இங்கு படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஒரே கடிதம் பொருந்தும். பரீட்சை முடியும் வரை இதைக் கவனமாக வைத்திருக்கவும்.
>
> பரீட்சை நாட்கள்
>
> தரம் 1, 2: எழுத்துப் பரீட்சை இல்லை. வழமைபோல் பாடசாலைக்கு அனுப்பவும்.
>
> தரம் 3, 4, 5: ஜூலை 27 திங்கள், ஜூலை 28 செவ்வாய், ஜூலை 30 வியாழன்.
>
> தரம் 6, 7, 8, 9: ஜூலை 22 புதன் முதல் ஜூலை 30 வியாழன் வரை.
>
> தரம் 10, 11: ஜூலை 20 திங்கள் முதல் ஜூலை 30 வியாழன் வரை. இந்த நாட்கள் மாகாணக் கல்வித் திணைக்களத்தால் குறிக்கப்பட்டவை. பாடசாலையால் மாற்ற முடியாது.
>
> ஜூலை 29 புதன்கிழமை போயா விடுமுறை. அன்று எந்தத் தரத்துக்கும் பரீட்சை இல்லை. எந்த நாளில் எந்தப் பாடம் என்பதைப் பிள்ளைகள் தமது கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார்கள்.
>
> நேரம்
>
> பரீட்சை நாட்களில் எல்லாப் பிள்ளைகளும் காலை 7.30க்குப் பாடசாலையில் இருக்க வேண்டும். பரீட்சை முன்னதாக முடிந்தாலும் பிற்பகல் 1.30 வரை பிள்ளைகள் பாடசாலையில் இருப்பார்கள். நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் அவர்கள் தனியே வீட்டுக்கு வரக்கூடாது என்பதற்காகவே கூட்டம் இந்த முடிவை எடுத்தது.
>
> தரம் 10, 11 பிள்ளைகளுக்கு மட்டும் ஜூலை 23 வியாழன் (கணிதம்), ஜூலை 28 செவ்வாய் (விஞ்ஞானம்) ஆகிய இரு நாட்களில் பரீட்சை பிற்பகல் 3.00 மணிக்கு முடியும். அந்த இரு நாட்களிலும் மதியச் சாப்பாடு கொடுத்து அனுப்பவும். வழமையான பஸ் கிடைக்காது என்பதால் எப்படித் திரும்பி வருவது என்று பிள்ளையிடம் முன்பே சொல்லி வைக்கவும்.
>
> மழையோ சுகவீனமோ தடையானால்
>
> மழை, மண்சரிவு காரணமாகப் பாடசாலை மூடப்பட்டால், தரம் 3 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளுக்கு விடுபட்ட பரீட்சை ஜூலை 31 வெள்ளிக்கிழமை நடைபெறும். தரம் 10, 11க்கு வலயக் கல்விப் பணிமனை அறிவித்த பின் தெரிவிப்போம். பாடசாலை திறந்திருந்தும் உங்கள் பாதை ஆபத்தாக இருந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டாம். அன்று காலை 8.00 மணிக்கு முன் வகுப்பாசிரியருக்கு அறிவிக்கவும். பிள்ளைக்குச் சுகமில்லை என்றாலும் இவ்வாறே அறிவிக்கவும்.
>
> வீட்டுப்பாடம்
>
> ஜூலை 13 திங்கள் முதல் ஜூலை 31 வெள்ளி வரை எந்தத் தரத்துக்கும் புதிய வீட்டுப்பாடம் தரப்பட மாட்டாது. பிள்ளைகள் படித்ததை மீண்டும் படிக்கட்டும்.
>
> மூன்றாம் தவணையின் முதல் நாளிலிருந்து ஒரு நாளுக்குரிய வீட்டுப்பாடம் பின்வரும் நேரத்துக்கு மேல் போகாது. தரம் 1, 2: எழுத்து வேலை இல்லை, 10 நிமிட வாசிப்பு மட்டும். தரம் 3, 4, 5: அரை மணித்தியாலம். தரம் 6, 7, 8, 9: ஒரு மணித்தியாலம். தரம் 10, 11: ஒன்றரை மணித்தியாலம்.
>
> வீட்டுப்பாடம் கரும்பலகையில் எழுதப்படும். பிள்ளைகள் அதை வீட்டுப்பாடக் கொப்பியில் எழுதி வருவார்கள். வாட்ஸ்அப் வழியாக மட்டும் எந்த வீட்டுப்பாடமும் தரப்பட மாட்டாது. மின்சாரம் இல்லாமலோ வேறு காரணத்தாலோ செய்ய முடியாமல் போனால், பெரியவர் ஒருவர் அந்தக் கொப்பியில் அன்றைய பக்கத்தில் கையொப்பம் இட்டால் போதும். பிள்ளை தண்டிக்கப்பட மாட்டாது. மறுநாள் முடித்துக் கொடுக்கலாம்.
>
> இன்னும் முடிவாகாதது
>
> தோட்ட மண்டபத்தில் மாலைநேரப் படிப்பு நடத்துவது பற்றி இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் எழுத்தில் அறிவிப்போம். அதுவரை பிள்ளைகளை அங்கு அனுப்ப வேண்டாம்.
>
> இப்படிக்கு,
>
> அதிபர் (கையொப்பம், முத்திரை)
>
> ------------------------------
>
> பதில் துண்டு (ஜூலை 10 வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும்)
>
> பிள்ளையின் பெயர்: ................ தரம்: ........
>
> கடிதத்தை வாசித்தேன் / வாசிக்கக் கேட்டேன்.
>
> கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம்: ................

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்கச் சொல்வேன். வீட்டுப்பாட முடிவுகள் இரண்டும் வெவ்வேறு நாட்களில் தொடங்குகின்றன: ஒன்று ஜூலை 13 முதல், மற்றது மூன்றாம் தவணையிலிருந்து. ஒரே பந்தியில் எழுதியிருந்தால் நேர எல்லை உடனே தொடங்குவதாகப் பெற்றோர் எடுத்துக்கொண்டு, அந்த வாரமே கொப்பியோடு வந்து கேட்பார்கள். தனித்தனிப் பந்தியில், ஒவ்வொன்றும் தன் தொடக்க நாளோடு ஆரம்பிப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

மற்றது, நேர எல்லையைப் பற்றியது. அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்பது ஒரு பாடத்துக்கா, எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்தா? கூட்டத்தில் பேசும்போது எல்லோருக்கும் தெளிவாக இருந்த விடயம் எழுத்தில் மங்கிப்போகும். “ஒரு நாளுக்குரிய வீட்டுப்பாடம்” என்ற தொடர் அதற்காகவே இடப்பட்டது. ஆனால் கடிதம் சொன்னால் மட்டும் அது நடக்காது. ஒன்பதாந்தரத்துக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தன் பாடத்துக்கு ஒரு மணித்தியாலம் என்று எண்ணிவிட்டால், வாக்குறுதி முதல் வாரத்திலேயே பொய்யாகும். எனவே கடிதம் வீட்டுக்குப் போவதற்கு முன்பே அதன் பிரதி ஆசிரியர் அறையில் எல்லோருடைய கையொப்பத்தோடும் இருக்க வேண்டும். எந்தப் பாடத்துக்கு எந்தக் கிழமை வீட்டுப்பாடம் என்ற பங்கீட்டையும் அன்றே முடித்துவிடுவது நல்லது.

நான்காம் படி: பிரதி எடுக்கும் முன் சோதித்தல்

மூன்று சோதனைகள் போதும். முதலாவது, நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு திகதியையும் அதன் கிழமையோடு ஒப்பிடுவது. “முதல், வரை” என்று எழுதிய நாட்களின் இடையே போயா தினமோ வேறு விடுமுறையோ வருகிறதா என்றும் அப்போதே தெரியும். உதாரணத்தில் ஜூலை 29ஐத் தனியாகச் சொல்லாமல் விட்டிருந்தால், “22 முதல் 30 வரை” என்ற வரியை நம்பி, விடுமுறை நாளில் பிள்ளைகள் மலைப்பாதையில் இறங்கி வந்திருப்பார்கள்.

இரண்டாவது, ஒரு வீட்டைக் கற்பனை செய்வது. அந்த வீட்டில் நான்காந்தரத்தில் ஒரு தங்கையும் பத்தாந்தரத்தில் ஓர் அண்ணனும் இருக்கிறார்கள்; தங்கை வழமையாக அண்ணனோடுதான் வீட்டுக்கு வருவாள். ஜூலை 28 அன்று இருவருக்கும் பரீட்சை. தங்கை 1.30க்கு வெளியே வருவாள், அண்ணனுக்கு 3.00 மணிக்குத்தான் முடியும். கடிதத்தில் இதற்கு விடை இருக்கிறதா? மேலே உள்ள கடிதத்தில் இல்லை. சோதனையின் பயன் இதுதான். அதிபரிடம் கேட்டு, “அந்த இரு நாட்களிலும் அண்ணன், அக்காவோடு வீடு திரும்பும் சிறு பிள்ளைகள் 3.00 மணி வரை பாடசாலையில் ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் இருக்கலாம், அவர்களுக்கும் சாப்பாடு கொடுத்து அனுப்பவும்” என்ற ஒரு வரியை நேரம் பற்றிய பகுதியின் கடைசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க ஆசிரியர் இல்லையென்றால், “வீட்டுப் பெரியவர் ஒருவர் 1.30க்கு வந்து அழைத்துச் செல்லவும்” என்று எழுத வேண்டும். இரண்டில் எதுவானாலும் எழுத வேண்டியது கட்டாயம்.

மூன்றாவது, வாசிக்கக் கேட்பது. கடிதத்தை முன்பு பார்த்திராத ஏழாந்தரப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்து, பாடசாலையில் வேலை செய்யும் ஒருவருக்கு, உதாரணமாகக் காவலாளிக்கோ மதிய உணவு சமைக்கும் அம்மாவுக்கோ, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை எங்கே தடுக்கிறதோ அந்த வாக்கியத்தைப் பிரியுங்கள். வாசித்து முடிந்ததும் கேட்டவரிடம், “தரம் எட்டுப் பிள்ளைக்கு எந்த நாள் தொடங்குகிறது? 29ஆம் திகதி என்ன?” என்று இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். “விளங்கியதா?” என்று கேட்காதீர்கள், அதற்கு எவரும் ஆம் என்றே சொல்வார்கள்.

ஐந்தாம் படி: வீட்டுக்குச் சேர்த்தல்

ஒரு குடும்பத்துக்கு ஒரு கடிதம் என்றால், அந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளையின் கையில் கொடுங்கள். பெரிய பிள்ளையிடம் கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் மாலையில் திறந்து பார்ப்பது சின்னப் பிள்ளையின் பையைத்தான். பதினோராந்தரத்து மாணவனின் பையை யாரும் திறப்பதில்லை, பரீட்சைத் திகதி அடங்கிய கடிதத்தைக் காட்ட அவனுக்கு அவசரமும் இருக்காது. மழைக்காலத்தில் கடிதத்தைக் கொப்பியின் உறைக்குள் வைக்கச் சொல்லி வகுப்பாசிரியரே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் வீடு போய்ச் சேரும்போது மடிப்பு விழுந்த வரி கரைந்திருக்கும்.

அதே மாலையில் வாட்ஸ்அப் குழுவில் கடிதத்தின் படத்தையும், ஆசிரியர் ஒருவர் அதை நிதானமாக வாசித்த குரற்பதிவையும் போடலாம். கொழும்பில் இருக்கும் தந்தைக்கும் வெளிநாட்டில் இருக்கும் தாய்க்கும் அதுதான் கடிதம். குரற்பதிவில் கடிதத்தில் இல்லாத எதையும் சேர்த்துப் பேச வேண்டாம். ஆனால் தாளுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பை நம்புவதை நான் ஏற்கமாட்டேன். லயத்தில் கைபேசி ஒன்றுதான் இருக்கும், டேட்டா முடிந்திருக்கும், அல்லது சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஏறிப்போக வேண்டியிருக்கும்.

பதில் துண்டுகளை வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியர் இடாப்போடு சரிபார்க்க வேண்டும். ‘வாசிக்கக் கேட்டேன்’ என்ற தெரிவு அந்தத் துண்டில் இருப்பது, எழுத்தறியாதவர் கூச்சமில்லாமல் அடையாளம் இடுவதற்காக. துண்டு வராத வீடுகளின் பட்டியல் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அந்தப் பிள்ளைகளிடம் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்பதைவிட, தோட்டத்தின் அதே டிவிஷனில் இருந்து வரும் மற்றொரு பெற்றோர் மூலம் இன்னொரு பிரதியை அனுப்புவது விரைவாகப் பலன் தரும்.

பிழையோ மாற்றமோ நேர்ந்தால்

கடிதம் போன பிறகு ஒரு திகதி மாறினால், முழுக் கடிதத்தையும் திருத்தி மீண்டும் அனுப்பாதீர்கள்; வீட்டில் ஒரே மாதிரியான இரண்டு தாள்கள் இருந்தால் எது புதியது என்று தெரியாது. அரைத்தாளில், மேலே பெரிதாகத் “திருத்தம்” என்று எழுதி, பழையதையும் புதியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “ஜூலை 7 கடிதத்தில், தரம் 10, 11 விஞ்ஞானப் பரீட்சை ஜூலை 28 செவ்வாய் என்று அறிவித்திருந்தோம். அது ஜூலை 30 வியாழனுக்கு மாற்றப்பட்டுள்ளது. மற்ற எல்லா நாட்களிலும் மாற்றம் இல்லை.” கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் மற்ற நாட்களும் மாறியிருக்குமோ என்று கேட்டு அழைப்புகள் வரும். சாப்பாடும் பஸ்ஸும் பற்றிய அறிவுறுத்தல் பழைய திகதியோடு கட்டப்பட்டிருந்ததால், “மதியச் சாப்பாடும் ஜூலை 30 அன்றே கொடுத்து அனுப்பவும்” என்பதையும் அதே அரைத்தாளில் சேர்க்க வேண்டும். திகதி மாறும்போது அதோடு சேர்ந்து நகர வேண்டியவற்றைத்தான் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் போட்ட பழைய படத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிடாமல், அதற்குக் கீழே திருத்தத்தைப் பதிலாக இடுங்கள். மூலக் கடிதம், திருத்தம், துண்டுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றின் பிரதியையும் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் அந்தக் கூட்டத்தின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த தவணைக் கூட்டத்தில் “எங்களுக்கு அறிவிக்கவில்லை” என்று ஒருவர் எழுந்தால் திறக்க வேண்டிய பக்கம் அது.